பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னால்

பால் அடிப்பிடிக்காமல் அரை மணி நேரம் நின்று கிண்டிப் பாயசம் வைப்பவர்கள்கூடக் கடைசி இரண்டு நிமிடத்தில் முந்திரியைக் கருக்கிவிடுவது உண்டு. சமையல் குறிப்புகளும் இதற்கு ஒரு காரணம். ‘நெய்யில் முந்திரி, பாதாம், திராட்சையைப் பொன்னிறமாக வறுத்துச் சேர்க்கவும்’ என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி மூன்றையும் ஒன்றாக வாணலியில் கொட்டினால், முந்திரி சிவக்கும்போது திராட்சை கரியாகியிருக்கும், பாதாம் உள்ளே பச்சையாகவே இருக்கும். தீயைக் குறைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. மூன்றும் மூன்று விதமான பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் சிவக்கும் வேகம் வேறு.

வேகத்தைத் தீர்மானிப்பவை தண்ணீரும் சர்க்கரையும். ஒரு பொருளுக்குள் தண்ணீர் இருக்கும்வரை அது பெரிதாகச் சிவக்காது. உள்ளே போகிற சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தண்ணீர் போன பிறகுதான் சூடு மளமளவென்று ஏறி நிறம் மாறத் தொடங்கும். முந்திரியில் இருக்கும் ஈரம் நூற்றுக்கு 5 பங்கு கூட வராது. அதனால் அதற்குச் சிவக்க அதிக நேரம் தேவையில்லை. திராட்சையில் ஈரம் 15 பங்கு இருந்தாலும், மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. அதிலும் பாதிக்கு மேற்பட்டது சீக்கிரம் கருகுகிற பழச்சர்க்கரை. ஆகவே அதன் கணக்கை நிமிடத்தில் போட முடியாது, நொடியில்தான் போட வேண்டும்.

கடையில் ‘பச்சை முந்திரி’ என்று வாங்குவது முழுக்கப் பச்சையானதும் அல்ல. பண்ருட்டியிலோ கொல்லத்திலோ தொழிற்சாலைக்குள் வரும் முந்திரிக்கொட்டையை முதலில் ஆவியில் வேகவைப்பார்கள், அல்லது வறுப்பார்கள். அப்போதுதான் ஓடு உடையும். உடைத்தெடுத்த பருப்பை, தொழிலில் போர்மா என்று சொல்லப்படும் சூட்டறையில் மணிக்கணக்கில் காயவைப்பார்கள். மேல்தோல் சுருங்கிக் கழன்று வர அதுதான் வழி. இத்தனை சூட்டையும் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பருப்பு நம் டப்பாவுக்கு வருகிறது. வாணலியில் போட்டதும் அது விறுவிறுவென்று சிவப்பதில் வியப்பில்லை. அந்தச் சூட்டறையிலேயே கொஞ்சம் அதிகம் காய்ந்து லேசாக மஞ்சள் பழுப்பேறிய பருப்பைத் தனியாகப் பிரித்து, விலை குறைத்து விற்பார்கள். சுவையில் பெரிய குறையில்லை. ஆனால் வறுக்கும்போது நிறத்தை வைத்து அளவு பார்ப்பவருக்கு அது குழப்பம் தரும். வெள்ளைப் பருப்பும் பழுப்புப் பருப்பும் கலந்த பாக்கெட்டாக இருந்தால், வெள்ளையாக இருக்கும் ஒன்றை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு வறுப்பது நல்லது.

முழுப் பருப்பைவிட இரண்டாகப் பிளந்ததுதான் வறுப்பதற்கு வசதி என்பது என் கருத்து. முழு முந்திரி வளைந்திருப்பதால் வாணலியில் ஓரிரு இடத்தில் மட்டும் தொட்டு நிற்கும். தொட்ட இடம் கருத்து, தொடாத இடம் வெளுத்துக் கிடக்கும். பிளந்த பருப்பு தட்டையான பக்கத்தில் படிந்து உட்காரும், ஒரே சீராகச் சிவக்கும். விலையும் குறைவு. எப்படியானாலும் பாக்கெட்டின் அடியில் கிடக்கும் தூளையும் பொடித் துண்டுகளையும் சலித்து எடுத்துவிட வேண்டும். முதலில் கருகுவது அவைதான். அந்தக் கரும்புள்ளிகள் நல்ல பருப்பில் ஒட்டிக்கொள்ளும், நெய்யிலும் கசப்பு ஏறும்.

நெய்யைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. நெய் நன்றாகக் காய்ந்து லேசாகப் புகை வந்தால்தான் எதையும் போட வேண்டும் என்பது. கடுகு தாளிக்க எண்ணெய் காய வேண்டும் என்ற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. நல்ல நெய் புகைவதற்கு ஏறக்குறைய 230 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். முந்திரி 150 டிகிரிக்கு அருகிலேயே அழகாகச் சிவந்துவிடும். அதாவது நெய் புகைந்து எச்சரிக்கும் நேரத்தில் முந்திரியைக் காப்பாற்றும் கட்டம் எப்போதோ தாண்டியிருக்கும். வெண்ணெயாக இருந்தால் அதிலுள்ள பால் கசடு முன்கூட்டியே கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். நெய் அப்படிக் காட்டிக்கொடுக்காது, அமைதியாகச் சூடேறிக்கொண்டே போகும். வீட்டில் உருக்கிய நெய்யில் அடியில் மண்டி தங்கியிருந்தால் மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே சிவந்திருக்கும் அந்த மண்டி இரண்டாம் முறை சூட்டில் கருகி, பருப்பின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் ஒட்டும்.

அதனால் நெய் உருகி, கையை மேலே காட்டினால் கதகதப்புத் தெரிகிற நிலையிலேயே முந்திரியைப் போட்டுவிடலாம். தீ தொடக்கம் முதலே சிறிதாக இருக்கட்டும். அப்போது பருப்பும் நெய்யும் சேர்ந்தே சூடேறும், வெளியே சிவப்பதற்குள் உள்ளேயும் சூடு போய்ச் சேரும். சூடு சரியா என்று பார்க்க, ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் நிதானமாகக் கிளம்பினால் சரி. சொர்ரென்று நுரைத்து, ஓரம் உடனே நிறம் மாறினால் சூடு அதிகம். வாணலியை இறக்கிவிட்டு ஒரு ஸ்பூன் உறைந்த நெய்யைச் சேர்த்தால் சூடு தணியும்.

அந்தக் குமிழ்களைத் தொடர்ந்து கவனிப்பது நிறத்தைக் கவனிப்பதைவிடப் பயனுள்ளது. குமிழ் வருகிறதென்றால் பருப்பிலிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதுவரை பெரிய ஆபத்தில்லை. குமிழ் குறைந்து, சலசலப்பு அடங்குகிற கட்டம் ஒன்று வரும். ஈரம் தீர்ந்துவிட்டது, இனி சூடு முழுவதும் சிவப்பதற்கே போகும் என்பதற்கு அடையாளம் அது. அதுவரை இரண்டு நிமிடமாக மெல்ல மாறிய நிறம், அதற்குப் பிறகு சில நொடிகளில் தாவும். போனை எடுக்கவோ ஏலக்காயைத் தேடவோ நினைத்தால் குமிழ் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அது அடங்கிவிட்டால் கரண்டியும் கண்ணும் வாணலியைவிட்டு நகரக்கூடாது.

நெய்யின் அளவில் கஞ்சத்தனம் காட்டினாலும் கருகும். ஒரு ஸ்பூன் நெய்யில் ஒரு கைப்பிடி பருப்பை வறுத்தால், உண்மையில் அது நெய்யில் வறுபடுவதில்லை, நெய் பூசிய இரும்பில் வறுபடுகிறது. பருப்பு பாதியளவாவது மூழ்க வேண்டும். அப்போதுதான் நெய் சூட்டை எல்லாப் பக்கமும் பரப்பும். அதற்காக நிறைய நெய் ஊற்ற வேண்டியதில்லை, பாத்திரத்தைச் சிறிதாக்கினால் போதும். அடி குழிந்த சின்ன வாணலியில் இரண்டு மூன்று ஸ்பூன் நெய்யே ஆழமாகத் தேங்கி நிற்கும். தாளிப்புக் கரண்டியிலும் செய்யலாம். ஆனால் மெல்லிய அலுமினியக் கரண்டி நொடியில் சூடேறிவிடும், அதைத் தீக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வறுக்க வேண்டியிருக்கும். கறுப்புப் பூச்சுள்ள நான்ஸ்டிக் பாத்திரத்தில் நெய்யின் நிறம் மாறுவது தெரியாது. எவர்சில்வராக இருந்தால், அடி கனமானதைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

இனி எப்போது எடுப்பது என்ற கேள்வி. குறிப்புகளில் எழுதியிருக்கும் பொன்னிறம், தட்டில் தெரிய வேண்டிய நிறம். வாணலியில் அந்த நிறம் வரும்வரை காத்திருந்தால் தட்டில் பழுப்பாகிவிடும். எடுத்த பிறகும் பருப்பு தன்னுள்ளே வைத்திருக்கும் சூட்டிலும், மேலே ஒட்டியிருக்கும் நெய்ச் சூட்டிலும் ஒரு நிமிடம் போலச் சிவந்துகொண்டேதான் இருக்கும். வெள்ளை மாறி இளமஞ்சளாகி, ஓரத்தில் மட்டும் பொன்னிறம் கோடுபோலத் தெரியும்போது எடுத்துவிட வேண்டும். அரிகரண்டியால் அள்ளி, நெய்யை வடியவிட்டு, அகலமான தட்டில் பரப்புங்கள். கிண்ணத்தில் குவித்தால் நடுவிலிருப்பவை ஒன்றன் சூட்டில் இன்னொன்று தொடர்ந்து வறுபடும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டுவைப்பது இதைவிட மோசம். தீ அணைந்தாலும் நெய்யின் சூடு உடனே அணைந்துவிடாது.

பலர் கூடுதலாக வறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்து, ‘இன்னும் மெத்தென்று இருக்கிறதே’ என்று மறுபடியும் வறுப்பார்கள். சூடாக இருக்கும் பருப்பு எதுவும் மொறுமொறுப்பாக இருக்காது. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். வாணலியிலேயே மொறுமொறுப்பாகிவிட்டதென்றால் அது கருகலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பாதாம் விஷயத்தில் சிக்கல் வேறு. அது முந்திரியைவிடக் கெட்டி. தோலோடு இருந்தால் நிறமே தெரியாது, ஏற்கெனவே பழுப்பாக இருப்பது மேலும் பழுப்பாவதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? முழுப் பாதாமாக வறுப்பதென்றால் ஒன்றை எடுத்து நறுக்கிப் பார்ப்பதுதான் வழி. உள்ளே வெண்மை போய் இளந்தேன் நிறம் படர்ந்திருந்தால் போதும். பாயசத்துக்கு அந்தச் சிரமமே வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, நீளவாக்கில் சீவி வறுப்பதே மேல், கடிக்கவும் இதமாக இருக்கும். ஆனால் ஊறிய பாதாமில் தண்ணீர் ஏறியிருக்கும். அப்படியே நெய்யில் போட்டால் முதலில் நெய் தெறிக்கும். பிறகு அது காயக் காத்திருக்கும் நேரத்தில் கூடவே கிடக்கும் முந்திரி தீய்ந்துவிடும். சீவிய பாதாமைத் துணியில் பரப்பி, ஈரம் கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, முந்திரிக்கு முன்னதாகவே வாணலியில் போட வேண்டும்.

திராட்சையைக் கழுவாமல் போட முடியாது, காம்பும் மண்ணும் இருக்கும். ஆனால் கழுவியதை முதல் நாளோ குறைந்தது சில மணி நேரம் முன்போ செய்து உலர்த்தியிருக்க வேண்டும். ஈரத் திராட்சையைச் சூடான நெய்யில் போட்டால், அதில் ஒட்டியிருக்கும் நீர் நெய்க்கு அடியில் இறங்கி, ஒரே கணத்தில் ஆவியாகி, நெய்யைக் கையிலும் முகத்திலும் வாரியடிக்கும். உலர்ந்த திராட்சையாக இருந்தால், அதனுள் இருக்கும் ஈரம் மட்டும் ஆவியாகித் தோலை உப்பவைக்கும். சுருங்கிக் கிடந்த பழம் சில நொடிகளில் உருண்டு திரண்டு நிற்பதைப் பார்க்க அழகாக இருக்கும். பத்தில் ஏழெட்டு உப்பியதுமே அள்ளிவிட வேண்டும், எல்லாம் உப்பட்டும் என்று நிற்கக்கூடாது. முதலில் உப்பியவற்றின் தோல் அதற்குள் கருக்கத் தொடங்கியிருக்கும். எடுத்ததும் அவை மறுபடி சுருங்கும், அதில் தவறில்லை. பாலில் விழுந்தால் திரும்ப ஊறிக்கொள்ளும். கருகியவை மட்டும் ஊறாது. ஆறியதும் கல்லாகி, கடித்தால் கசக்கும்.

ஆறு பேருக்குச் சேமியாப் பாயசம் வைப்பதாக எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாலுக்கு நெய் மூன்று மேசைக்கரண்டி, முந்திரி முழுதாக 12 (பிளந்தால் 24), உரித்துச் சீவிய பாதாம் 10, உலர்திராட்சை 20. எதிரே அகலமான இரண்டு தட்டுகளையும் ஓர் அரிகரண்டியையும் எடுத்து வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தட்டைத் தேடும் பத்து நொடியில்தான் பல வீடுகளில் முந்திரி கருகுகிறது.

சின்ன வாணலியில் நெய்யை விட்டுச் சிறு தீயில் உருக்குங்கள். உருகியதும் பாதாம் சீவல். லேசாகக் குமிழ் விட்டு, ஒரு நிமிடம் போல ஆனதும், வெண்மை மங்கி ஒரு மணம் வரும். அப்போது முந்திரி. இப்போது கரண்டி ஓயக்கூடாது. வேகமாகக் கிண்ட வேண்டும் என்பதில்லை, எந்தத் துண்டும் ஒரே பக்கத்தில் கிடக்காதபடி புரட்டிக்கொண்டிருந்தால் போதும். ஒன்றரை நிமிடம் வரை பெரிதாக எதுவும் நடக்காததுபோல் இருக்கும். இந்த இடத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டுவதுதான் வழக்கமான வழுக்கல். இரண்டு நிமிடத்தை நெருங்கும்போது குமிழ் அடங்கத் தொடங்கும், முந்திரியின் ஓரம் மஞ்சளாகும். இன்னும் அரை நிமிடம். ஓரத்தில் பொன்கோடு விழுந்ததும் பாதாமையும் முந்திரியையும் ஒன்றாக அள்ளி முதல் தட்டில் பரப்பிவிடுங்கள். அடுப்பும் பாத்திரமும் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் கடிகாரத்தை நம்பாமல் குமிழையும் ஓரத்தையும் நம்புவதே சரி.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டுத் திராட்சையைப் போடுங்கள். நெய்யில் மிச்சமிருக்கும் சூடே அதற்குப் போதும். 15 நொடி, மிஞ்சினால் 20. உப்பியதும் இரண்டாவது தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வாணலி மெல்லியதாக இருந்து நெய் ஆறிப்போய்த் திராட்சை உப்பவில்லையென்றால், சிறு தீயில் சில நொடி வைத்து மறுபடி இறக்கலாம். மீந்த நெய்யிலேயே சேமியாவை வறுக்கலாம். முந்திரியின் வாசம் ஏறிய நெய் அது, வீணாக்கக்கூடாது. திராட்சை எதுவும் வெடித்துச் சர்க்கரை ஒழுகியிருந்தால் மட்டும் அந்த நெய்யை வடிகட்டிக்கொள்ளுங்கள். திராட்சையைக் கடைசியில் வறுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முதலிலேயே போட்டால் ஒழுகிய சர்க்கரை அடியில் கருகி, அடுத்து வரும் பருப்பில் ஒட்டும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு முறை கொஞ்சம் மாறும். அங்கே பருப்பைத் தனியாக எடுத்து வைப்பதில்லை, சுடச்சுட நெய்யோடு பொங்கலின் மேல் கொட்டுகிறோம். ஈரமான பொங்கலில் விழுந்ததும் நெய்யின் சூடு சட்டென்று இறங்கிவிடும், சிவப்பதும் அங்கேயே நின்றுவிடும். அதனால் பாயசத்துக்கு எடுப்பதைவிட அரைப் படி கூடுதலாகச் சிவக்கவிடலாம். முந்திரி பொன்னிறமாகும்போது அடுப்பை அணைத்து, திராட்சையைப் போட்டு, அது உப்பியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். பொங்கல் பானை பக்கத்திலேயே திறந்து தயாராக இருந்தால்தான் இது நடக்கும்.

கல்யாணச் சமையலில் கிலோக்கணக்கில் வறுப்பவர்கள் இன்னும் முன்னதாகவே எடுப்பார்கள். பருப்பு வெறும் வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே பெரிய அரிகரண்டியால் அள்ளித் தாம்பாளங்களில் பரப்பிவிடுவதைப் பார்த்தால், புதிதாகப் பார்ப்பவருக்கு இன்னும் வறுபடவில்லையே என்று தோன்றும். அவ்வளவு நெய், அவ்வளவு பெரிய வாணலி, அள்ளி முடிக்கவே ஆகிற நேரம் எல்லாம் சேர்ந்து மீதியைச் சிவக்கவைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டில் நான்கு பேருக்குச் செய்கிற கணக்கை நாற்பது பேருக்குச் செய்யும்போது அப்படியே பெருக்கக்கூடாது. அதிகமாக வறுக்க வேண்டியிருந்தால் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வறுப்பது நல்லது.

அப்படியும் நிறம் தாண்டிவிட்டால்? கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தால், உடனே எடுத்துக் குளிர்ந்த தட்டில் பரப்பிவிட்டால் தப்பிக்கும், ஏலக்காய் வாசத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கரும்பழுப்பாகி, முகர்ந்தால் காந்தல் வாடை வந்தால் காப்பாற்ற வழியில்லை. கறுத்தவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு நெய்யை வைத்துக்கொள்ளலாம் என்று கை போகும். கசப்பு நெய்யிலும் கரைந்திருக்கும், அந்த நெய் ஒரு பானைப் பாயசத்தையும் கெடுத்துவிடும். 12 முந்திரியும் மூன்று கரண்டி நெய்யும் போவது வருத்தம்தான், ஒரு லிட்டர் பால் போவது அதைவிடப் பெரிய வருத்தம். கருகாமலே கசந்தால் காரணம் வேறு. நாள்பட்ட பருப்பில் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை ஏறியிருக்கும், எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் அது போகாது. வறுப்பதற்கு முன் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிடுவதே சுலபம்.

விருந்துக்கு முன்தினமே வறுத்து வைப்பவர்கள் முந்திரியையும் பாதாமையும் நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினால் மொறுமொறுப்பு ஓரிரு நாள் நிற்கும். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி வேர்த்து நமுத்துவிடும். திராட்சையைத் தனி டப்பாவில் வைக்க வேண்டும், அதன் ஈரம் பருப்புக்கு ஏறிவிடும். பாயசத்திலும் திராட்சையை முன்னதாகவே போட்டு ஊறவிடலாம். பருப்பை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிப் பரிமாறும்போது மேலே தூவிக்கொள்ளுங்கள்.